பிரசங்கிமார் பட்டறை: இது பாட்டா, சட்டமா, கடிதமா, கதையா என்று முதலில் பார்க்க வைப்பது எப்படி?

களத்துமேடு | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் ஒன்பது சபை. உபதேசியார்மார், லே பிரசங்கியார்மார் எல்லாரையும் சேர்த்தால் 26 பேர். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை பட்டறை நடத்தச் சொல்லி சேகர ஐயர் என் தலையில் கட்டிவிட்டார். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், இறையியல் படித்தவன் இல்லை.

போன வருஷமும் இதே தலைப்பில் ஒரு நாள் நடந்தது. வெளியிலிருந்து வந்தவர் மூன்று மணி நேரம் பேசினார், எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம், பிரியாணி சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறே எங்கள் சபையில் ஒருவர் நியாயாதிபதிகள் 5-ஐ எடுத்து, "நட்சத்திரங்கள் யுத்தம்பண்ணின" என்பதற்கு எரிகல் விழுந்தது என்று இருபது நிமிஷம் விளக்கம் கொடுத்தார். முந்தின நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து "எபிரெயக் கவிதையில் மிகைப்படுத்தல் உண்டு" என்று எழுதிக்கொண்டவரும் அவரேதான்.

எழுதத் தெரிகிறது, பகுதியைக் கையில் எடுத்தால் தெரியவில்லை. நான்கு மேஜை போட்டு, பாட்டு, சட்டம், கடிதம், கதை என்று அட்டை வைத்து, மேஜைக்கு ஒரு பகுதி கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

மைக்செட்_மணி | சனி, இரவு 10.05

ஐயா கோவிச்சுக்காதீங்க. பிரசங்கத்துல கவிதை, கதை எல்லாம் வேண்டவே வேண்டாம். போன கன்வென்ஷன்ல ஒருத்தர் குட்டிக் கதை மட்டும் ஏழு சொன்னார், நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் சொந்தக் கவிதை வேற. ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம். பட்டறை நடத்துறதா இருந்தா 25 நிமிஷத்துல முடிக்கக் கத்துக் குடுங்க.

---

களத்துமேடு | சனி, இரவு 10.11

மணி, பிரசங்கத்துக்குள் கவிதை சொல்வது பற்றி இல்லை தம்பி. வேதத்தில் நாம் எடுக்கிற பகுதி பாட்டா கதையா என்று பார்ப்பதைப் பற்றி. 25 நிமிஷம் நல்ல யோசனைதான், அதற்கு வேறு சனிக்கிழமை பார்ப்போம்.

---

வேதவட்டம் | சனி, இரவு 11.20

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். கவிதை ஆகமங்கள் ஐந்து: யோபு, சங்கீதம், நீதிமொழிகள், பிரசங்கி, உன்னதப்பாட்டு. சட்டம் மோசேயின் ஆகமங்களில். கடிதம் ரோமர் முதல் யூதா வரை. மீதியெல்லாம் சரித்திரமும் தீர்க்கதரிசனமும். இந்தப் பட்டியலை லேமினேட் செய்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் போதும். கவிதை என்றால் ஒரே கருத்தை இரண்டு வரியில் திரும்பச் சொல்வது, அவ்வளவே. இரண்டாவது வரியில் புதுச் சத்தியம் தேடத் தேவையில்லை.

---

பழைய_அங்கி | ஞாயிறு, பிற்பகல் 3.15

ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து எழுதுகிறேன். இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பித்து ஓய்வு பெற்றவன்.

வேதவட்டம் தம்பி, அந்தப் பட்டியல் தொடங்குவதற்கு உதவும். ஆனால் களத்துமேடு ஐயா சொன்ன எரிகல் பிரசங்கியாரைப் படுகுழியில் தள்ளியதும் அதே பட்டியல்தான். நியாயாதிபதிகள் "சரித்திர ஆகமம்" என்று மனதில் இருந்ததால், ஐந்தாம் அதிகாரம் பாட்டு என்பதை அவர் கண் பார்க்கவில்லை. நம் கையில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பும் கைகொடுக்காது. வசனத்துக்கு வசனம் புது வரி. லேவியராகமமும் அப்படித்தான், தெபொராளின் பாட்டும் அப்படித்தான். பக்கத்தைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஏசாயா, எரேமியா, ஆமோஸ் புத்தகங்களில் பெரும்பகுதி பாட்டு என்று சொன்னால் இருபது வருஷம் பிரசங்கித்தவர்கள்கூட ஆச்சரியப்படுகிறார்கள். மறுபக்கம், யோபின் முதல் இரண்டு அதிகாரம் கதை.

ஐயா, மேஜையில் அட்டை வைக்காதீர்கள். விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. நான் செய்வது இது.

நியாயாதிபதிகள் 4:17 முதல் 21 வரை, தோற்று ஓடிவந்த படைத்தலைவன் சிசெராவை யாகேல் தன் கூடாரத்தில் ஆணி அடித்துக் கொல்கிற கதையை, ஒரு தாளில், வசன எண் இல்லாமல், ஒரே பத்தியாகத் தட்டச்சு செய்யுங்கள். இன்னொரு தாளில் அதே சாவைப் பாடுகிற 5:24 முதல் 27 வரை, வாக்கியம் திரும்புகிற இடத்திலெல்லாம் வரியை உடைத்து. பாதிப் பேருக்கு முதல் தாள், பாதிப் பேருக்கு இரண்டாவது. வேதாகமம் மூடியே இருக்கட்டும். பத்து நிமிஷம் கழித்து எல்லாரிடமும் ஒரே கேள்வி: ஆணி இறங்கும்போது சிசெரா எப்படி இருந்தான்?

கதைத் தாள் வைத்திருப்பவர்கள், அவன் சமுக்காளத்தை மூடிக்கொண்டு அயர்ந்து தூங்கினான் என்பார்கள். பாட்டுத் தாள்காரர்கள், இல்லை, அவள் காலருகே மடங்கினான், விழுந்தான், கிடந்தான் என்பார்கள். தூங்குகிறவன் எப்படி விழுவான்? சண்டை தொடங்கும். தொடங்கட்டும், நீங்கள் குறுக்கே போகவேண்டாம்.

யாராவது ஒருவர் எழுந்து, "ஆணி அடித்ததும் துள்ளி எழுந்து, பிறகு விழுந்திருப்பான்" என்று சமரசம் செய்வார். இதுவரை ஒவ்வொரு பட்டறையிலும் ஒருவர் செய்திருக்கிறார். அவரைத் திருத்தாமல், அந்த வரிகளை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மடங்கி விழுந்து கிடந்தான், மடங்கி விழுந்தான், எங்கே மடங்கினானோ அங்கேயே மடிந்து கிடந்தான். மூன்று தடவை. வாசிக்கிறவருக்கே விளங்கும், இது சாட்சி சொல்கிற வாய் இல்லை என்று. தொள்ளாயிரம் இருப்பு ரதத்தோடு வந்தவன் ஒரு பெண்ணின் காலடியில் சரிகிறான், பாடுகிறவள் அந்தச் சரிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். நம் ஊரில் ஒரே சாவை எஃப்.ஐ.ஆரில் எழுதுவதும் வில்லுப்பாட்டில் பாடுவதும் ஒன்றா? பாட்டில் வருவது பொய் என்று எந்த ஊரிலும் சொல்ல மாட்டார்கள். பிரேதம் கிடந்த கோலத்தை அதிலிருந்து அளந்து எடுக்கவும் மாட்டார்கள்.

நட்சத்திரத்துக்கும் இதுவே பதில். கதையில், கர்த்தர் சிசெராவைக் கலங்கடித்தார், அவன் ரதத்தை விட்டு இறங்கிக் கால்நடையாய் ஓடினான் என்று மட்டும் இருக்கும். ஏன் இறங்கினான் என்று கதை சொல்லாது. பாட்டு மேகம் தண்ணீராய்ப் பொழிந்ததைச் சொல்கிறது, கீசோன் நதி அவர்களை அடித்துக்கொண்டு போனதையும் சொல்கிறது. மழை, வெள்ளம், சேற்றில் புதைந்த சக்கரம் என்று நாம் ஊகிக்க அங்கே இடம் இருக்கிறது. வானமே எதிரிக்கு விரோதமாய்த் திரும்பியது என்பதைத்தான் நட்சத்திரம் என்று பாடுகிறாள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் அம்மியின் எடையை யாரும் கேட்பதில்லையே.

---

களத்துமேடு | ஞாயிறு, மாலை 6.02

ஐயா, படித்துவிட்டு என் மனைவியிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "பாட்டில் தண்ணீர் கேட்டவனுக்குப் பாலும் ராஜாக்கள் கிண்ணியில் வெண்ணெயும் கொடுக்கிறாள், கதையில் வெறும் பால் துருத்திதானே" என்றாள். நான் கவனிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம். வித்தியாசம் தெரிந்துவிட்டது, சரி. அதனால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் என்ன மாறும்? "இது கவிதை" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வழக்கம்போல மூன்று குறிப்பு சொல்லிவிட்டால் போன வருஷம் மாதிரியே ஆகிவிடுமே.

---

பழைய_அங்கி | ஞாயிறு, இரவு 8.30

இந்தக் கேள்வியை மதியத்துக்கு மேல் உள்ள அமர்வில் வையுங்கள். பிரசங்கத்தின் எலும்புக்கூடே மாறும்.

நாலாம் அதிகாரம் ஒரு பெயரை ஒளித்து வைக்கிறது. நீ வந்தால்தான் போவேன் என்று பாராக் சொன்னதும், தெபொராள், மேன்மை உனக்குக் கிடைக்காது, சிசெராவைக் கர்த்தர் ஒரு ஸ்திரீயின் கையில் விற்றுப்போடுவார் என்கிறாள். கேட்கிறவர்கள் அந்த ஸ்திரீ தெபொராள் என்றே நினைப்பார்கள். இரண்டு வசனம் கழித்து சம்பந்தமே இல்லாமல் ஏபேர் என்ற கேனியன் கூடாரம் போட்ட செய்தி வரும். இதை ஏன் இங்கே சொல்கிறார்கள் என்று புரியாது. யுத்தம் முடிந்து சிசெரா ஓடிவந்து நிற்கும்போதுதான் அந்தக் கூடாரமும் யாகேலும் வெளியே வருகிறார்கள். இப்படிப்பட்ட பகுதிக்கு "கர்த்தர் பயன்படுத்திய யாகேல்" என்று தலைப்பு வைத்து, முதல் நிமிஷத்திலேயே ஆணியைக் காட்டிவிட்டால் கதையைக் கொன்றாயிற்று. கதையைப் பிரசங்கிக்கிறவர் கதை எப்போது சொல்கிறதோ அப்போதுதான் சொல்லவேண்டும்.

பாட்டில் நேர்மாறு. காரியம் நடக்கும் முன்பே யாகேல் ஆசீர்வதிக்கப்பட்டவள் என்று பெயரோடு அறிவித்துவிடுகிறாள். அங்கே எதிர்பார்ப்புக்கு வேலை இல்லை. அதைப் பிரசங்கிக்கும்போது சம்பவத்தை வரிசையாய்ச் சொல்லாமல், பாட்டு எங்கெங்கே நிற்கிறதோ அங்கே நிற்க வேண்டும். யுத்தத்துக்கு வராத ரூபனையும் தாணையும் ஆசேரையும் பேர் சொல்லிக் குத்திக்காட்டுகிற இடம், மகன் வருவான் என்று ஜன்னலில் நிற்கிற சிசெராவின் தாய். இந்த இரண்டும் கதையில் கிடையாது.

---

கோயில்மணி | திங்கள், காலை 7.10

நான் கத்தோலிக்கன், மறைக்கல்வி ஆசிரியர். எங்களிடம் இருக்கிற 1995 பொது மொழிபெயர்ப்பில் கவிதைப் பகுதிகளை உள்ளே தள்ளி, அடி அடியாகவே அச்சடித்திருக்கிறார்கள். தட்டச்சு செய்யும் வேலை மிச்சம், அந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஆனால் பெயர்கள் வேறு மாதிரி இருக்கும், நீங்கள் சொல்லும் நியாயாதிபதிகள் எங்களுக்கு நீதித் தலைவர்கள்.

இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஒருவர் எபிரெயப் பாட்டில் எதுகை, மோனை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். கிடைக்காததால் இது வசனநடைதான் என்று முடிவே கட்டிவிட்டார். அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும்.

---

வேதவட்டம் | திங்கள், காலை 9.48

பாட்டு மற்ற ஆகமங்களிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன், லேமினேட் யோசனையை வாபஸ் வாங்கிவிட்டேன். ஆனால் இரண்டாம் வரி திரும்பச் சொல்வது என்பதை விடமாட்டேன். சகரியா 9:9 பாருங்கள். கழுதையின்மேலும், கழுதைக்குட்டியாகிய மறியின்மேலும் ஏறிவருகிறவர். இது ஒரே மிருகம், இரண்டு வரி. எத்தனையோ பேர் இரண்டு கழுதை என்று பிரசங்கித்திருக்கிறார்கள். திரும்பச் சொல்வது என்று தெரிந்திருந்தால் அந்தத் தப்பு வராது.

---

பழைய_அங்கி | திங்கள், காலை 11.30

சகரியாவில் ஒரே மிருகம் என்பது சரிதான். ஆனால் அங்கேயும் இரண்டாம் வரி சும்மா இல்லை. கழுதை என்று மட்டும் சொன்னது, மறி என்று சொல்லும்போது இன்னும் யாரும் ஏறிப் பழக்காத இளசாகிவிடுகிறது. முதல் வரி விரலை நீட்டுகிறது, இரண்டாம் வரி தொட்டுக் காட்டுகிறது. ராபர்ட் லோத் என்கிற ஆங்கிலேயர் 1753-ல் அச்சிட்ட சொற்பொழிவுகளில் இந்த இணைவரிகளை மூன்றாகப் பிரித்தார். ஒத்துப் போவது ஒன்று, எதிர்த்து நிற்பது ஒன்று, இரண்டிலும் அடங்காதவற்றுக்கு ஒன்று. அந்த மூன்றாவது கூடையில்தான் எக்கச்சக்கமாய்க் குவிந்து கிடக்கிறது. "திரும்பச் சொல்வது" என்று மட்டும் கற்றுக்கொடுத்தால் பிரசங்கியார் இரண்டாம் வரியை வாசிக்காமலே விட்டுவிடுவார்.

எதுகை தேடுகிறவரிடம், கருத்துக்குக் கருத்து எதுகை போடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை நம் ஆட்களுக்கு இது உடனே பிடிபடுகிறது.

---

வேதவட்டம் | திங்கள், காலை 11.52

அப்படியானால் மத்தேயு 21:7-ல் கழுதையையும் குட்டியையும் கொண்டுவந்தார்கள் என்று இரண்டு இருக்கிறதே? மாற்குவிலும் லூக்காவிலும் குட்டி மட்டும்தான். மத்தேயுவுக்கு இணைவரி தெரியாதா?

---

பழைய_அங்கி | திங்கள், மதியம் 12.20

யூதரான மத்தேயுவுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பழகாத குட்டி தாயோடுதான் வரும், அதனால் இரண்டையும் சொன்னார் என்கிறவர்கள் உண்டு. தீர்க்கதரிசனத்தின் ஒவ்வொரு சொல்லும் நிறைவேறியது என்று காட்டவே இரண்டையும் சொன்னார் என்கிறவர்களும் உண்டு. நாற்பது வருஷமாக நான் பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறேன். பட்டறையில் இதைத் தொடாதீர்கள் ஐயா, மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

---

டீச்சர்_மார்த்தாள் | திங்கள், மாலை 5.40

நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செய்தி கொடுக்கிறவள். என் சொந்த விஷயம் ஒன்று சொல்லலாமா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுவருஷ ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவைகள். அந்த வருஷம் மகனுக்கு வேலை கிடைக்கும் என்று ஃபிரிட்ஜில் ஒட்டி ஜெபித்தேன். கிடைக்கவில்லை. அட்டை மஞ்சளாகி ஓரம் சுருண்டு போயிற்று, எடுக்க மனசு வரவில்லை. போன மாதம் அதே வசனத்தை வைத்துத்தான் சங்கத்தில் பேசினேன், எனக்கே தொண்டை அடைத்தது. இது தீர்க்கதரிசனம்தானே, உங்கள் நான்கில் எதிலும் சேராதே?

---

பழைய_அங்கி | திங்கள், இரவு 9.05

அம்மா, அது கடிதம். இருபத்தொன்பதாம் அதிகாரத்தின் முதல் வசனமே அதைத்தான் சொல்கிறது. எகொனியா ராஜாவோடு கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, எருசலேமில் இருந்த எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். யார் கையில் கொடுத்தனுப்பினார் என்பதுவரை இருக்கிறது. அரசன் சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் கையில்.

கடிதம் என்று தெரிந்ததும் கேட்கவேண்டியது, அந்த உறையைப் பிரித்தவர்கள் எந்தச் செய்திக்காகக் காத்திருந்தார்கள் என்பது. அதற்கு முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான். அதே பேச்சு பாபிலோனிலும் ஓடுகிறது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கு எரேமியாவின் கடிதம் போய்ச் சேருகிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம். அதற்குப் பிறகுதான் உங்கள் அட்டை வசனம். முதலில் வாசித்த பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பியிருக்க முடியாது. அந்த வசனத்தில் "உங்கள்" என்பது ஒரு ஆளைக் குறிக்கவில்லை, ஒரு ஜனத்தையே குறிக்கிறது.

அது எப்படிப்பட்ட கடிதம் என்பதற்கு, வந்த பதிலே சாட்சி. செமாயா என்பவன் பாபிலோனிலிருந்து ஆசாரியனுக்கு எழுதுகிறான். சிறையிருப்பு நீடிக்கும், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்று எங்களுக்கு எழுதியிருக்கிறானே, இவனை ஏன் நீ கடிந்துகொள்ளவில்லை என்று கேட்கிறான். அந்தக் கடிதம் வந்தபோது அதை ஆறுதல் வசனம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்ளவில்லை அம்மா. கோபப்பட்டு மேலிடத்துக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள்.

இதனால் அந்த அட்டையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. உங்கள் மகனுக்கு வேலை கிடைக்காததற்கும் அந்த வசனம் பொய்த்துப்போனதற்கும் சம்பந்தம் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

---

டீச்சர்_மார்த்தாள் | திங்கள், இரவு 9.50

நன்றி ஐயா. இத்தனை வருஷமாக எட்டு முதல் பத்து வசனம்வரை நான் தாண்டித் தாண்டித்தான் வாசித்திருக்கிறேன் போல. மகன் திருப்பூரில்தான் இருக்கிறான், பிடிக்காத வேலை. "அங்கேயே வீடு பார்" என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

---

ஜெபவீடு | செவ்வாய், காலை 6.30

இந்த இழையை நான்கு நாளாகப் படிக்கிறேன். தனிச்சபை போதகர் நான், பைபிள் காலேஜ் பக்கம் போனதில்லை. கடிதம், பாட்டு என்று பிரித்துக்கொண்டே போனால் ஆவியானவர் பேசுவதற்கு இடம் எங்கே? பவுல் அப்போஸ்தலர் என்ன செய்தார்? "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக" என்ற உபாகமச் சட்டத்தை எடுத்து, அது ஊழியக்காரனுக்கு என்று 1 கொரிந்தியர் 9-ல் எழுதினார். மாட்டுச் சட்டம் மாட்டுக்கு என்று அவர் நிற்கவில்லையே. நான் தசமபாகச் செய்தியில் இந்த வசனத்தைத்தான் எடுப்பேன்.

---

களத்துமேடு | செவ்வாய், காலை 8.15

பாஸ்டர், கேள்வி நியாயமானது. இதற்குப் பதில் பெரியவர்தான் சொல்லவேண்டும். ஆனால் மாடு என்று வந்துவிட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் அப்பா ஊடு உழும்போது மாட்டுக்கு வாய்க்கூடு போடுவார், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பயிரை மேய்ந்துவிடும். களத்தில் பிணையல் கட்டிச் சுற்றும்போது போடமாட்டார். குனிந்து ஒரு வாய் வைக்கல் இழுத்தால் இழுக்கட்டும் என்பார். பக்கத்துக் களத்துக்காரர் போடுவார், நெல்லு நஷ்டமாம். ஆக அந்தச் சட்டம் யாரிடம் பேசுகிறது என்றால், நஷ்டக் கணக்குப் பார்க்கிற களத்துக்காரரிடம்தான்.

---

பழைய_அங்கி | செவ்வாய், காலை 10.40

களத்துமேடு ஐயா, இதை அப்படியே பட்டறையில் சொல்லுங்கள், அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. சட்டத்தைக் கையில் எடுத்தால் யார் கையைக் கட்டுகிறது, யார் வாயைத் திறந்துவிடுகிறது என்று பார்க்கவேண்டும். உபாகமம் 25-ல் மாட்டுக்கு முந்தின வசனம் அடிவாங்குகிற குற்றவாளியைப் பற்றியது. நாற்பது அடிக்கு மேல் கூடாது, கூடினால் உன் சகோதரன் உன் கண்முன் இழிவாய்ப்போவான். அதற்கும் முந்தின அதிகாரம், வயலில் மறந்துபோன அரிக்கட்டைத் திரும்பப்போய் எடுக்காதே, பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் விடு என்று முடிகிறது. எல்லாமே அதிகாரம் உள்ளவனின் கையைப் பிடிக்கிற சட்டங்கள். மாடு அந்த வரிசையில் நிற்கிறது.

பாஸ்டர், பவுல் மாட்டைத் தாண்டிப் போனது உண்மை. அந்த உரிமை நமக்கும் உண்டா என்பது லேசான கேள்வி இல்லை. நான் மாணவர்களுக்குச் சொன்னது, அவர் போன திசையிலேயே போங்கள் என்பதுதான். உழைக்கிற மாட்டிலிருந்து உழைக்கிற மனுஷனுக்குப் போனார். ஆனால் அவர் எழுதியது கடிதம் அல்லவா, கடிதத்தை முடிவுவரை வாசிக்கவேண்டும். அதே அதிகாரத்தில் பன்னிரண்டாம் வசனத்திலும் பதினைந்தாம் வசனத்திலும், இந்த அதிகாரம் எனக்கு உண்டு, ஆனால் நான் அதைப் பயன்படுத்தவில்லை என்கிறார். தசமபாகச் செய்தியில் அதையும் வாசிப்பீர்களா?

---

ஜெபவீடு | செவ்வாய், காலை 11.02

பவுலுக்குக் கூடாரத் தொழில் இருந்தது ஐயா. எனக்கு வாடகை வீடும் இரண்டு பிள்ளைகளும்தான் இருக்கிறது. ஆனால் வாசிக்கிறேன். பன்னிரண்டாம் வசனத்தை இதுவரை சபையில் வாசித்ததில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

---

டீச்சர்_மார்த்தாள் | செவ்வாய், மாலை 6.15

எண்ணாகமம் 27 எதில் வரும்? செலொப்பியாத்தின் ஐந்து மகள்களும் மோசேக்கு முன்னால் வந்து நின்று, எங்கள் அப்பாவுக்கு மகன் இல்லை, அதற்காக அவர் பெயர் அழியலாமா, எங்களுக்குக் காணி கொடுங்கள் என்கிறார்கள். அது கதை. கர்த்தர் அவர்கள் சொல்வது சரி என்கிறார், உடனே "ஒருவன் மகன் இல்லாமல் மரித்தால்" என்று சட்டம் வருகிறது. பிறகு 36-ல் கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து, சொத்து வெளியே போகாதபடி சொந்தக் கோத்திரத்திலேயே கல்யாணம் செய்யவேண்டும் என்று கட்டுப்பாடு வாங்கிவிடுகிறார்கள். இங்கேயும் சொத்து வழக்கு என்றால் இப்படித்தான்.

---

பழைய_அங்கி | செவ்வாய், இரவு 8.00

அம்மா, நான்கு பெட்டிக்குள் அடங்காத பகுதி இதுதான். சட்டத்தை மட்டும் எடுத்தால் ஐந்து பெண்கள் காணாமல் போவார்கள். கதையை மட்டும் எடுத்தால் 36-க்குப் போகாமலே நிறுத்திவிடத் தோன்றும். எப்படிப் பிரசங்கிப்பது என்று கேட்டால், என்னிடம் ஒரே விடை இல்லை.

---

களத்துமேடு | சனி, இரவு 8.50 (ஐந்து வாரம் கழித்து)

பட்டறை இன்று முடிந்தது. 26-ல் 22 பேர் வந்தார்கள். அட்டை வைக்கவில்லை, இரண்டு தாளை மட்டும் கொடுத்தேன். பெரியவர் சொன்ன மாதிரியே சண்டை வந்தது, சொன்ன மாதிரியே ஒருவர் சிசெராவைத் துள்ளி எழ வைத்தார். எரிகல் பிரசங்கியாரும் வந்திருந்தார். பாட்டுத் தாள் அவரிடம் போகும்படி பார்த்துக்கொண்டேன், வேண்டுமென்றேதான். சத்தமாக வாசிக்கச் சொன்னதும், மூன்றாவது தடவை "கிடந்தான்" வரும்போது சிரித்துவிட்டார்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. எழுபது வயது உபதேசியார் ஒருவர், சின்ன வயதில் வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டு பாடினவராம். வேதாகமத்தைத் திறந்து, தாளில் இருந்ததற்கு அடுத்து வருகிற, சிசெராவின் தாய் ஜன்னலில் நிற்கிற மூன்று வசனத்தையும் ஒப்பாரி ராகத்தில் இழுத்துப் பாடினார். தேர் ஏன் பிந்துகிறது, குதிரைக் குளம்பு ஏன் தாமதிக்கிறது என்று. அறை அப்படியே அமைதியாகிவிட்டது. உடனே இன்னொருவர், இது ஒப்பாரி இல்லை, ஜெயித்தவர்கள் பாடுகிற நையாண்டி, கும்மி மெட்டில் பாடுங்கள் என்றார். அப்படியும் பாடிப் பார்த்தார்கள். அதுவும் பொருந்துகிறது! எது சரி என்று ஒரு மணி நேரம் போயிற்று, சட்டத்துக்கு இருபது நிமிஷம்தான் மிஞ்சியது, கடிதத்துக்கு அதுவும் இல்லை. எரேமியாவை அடுத்த தடவைக்கு வைத்துவிட்டேன்.

---

மைக்செட்_மணி | சனி, இரவு 9.15

ஒப்பாரி பாடினப்போ நான்தான் வாசல்ல நின்னேன் ஐயா. மைக்கை ஆஃப் பண்ணிட்டேன், தேவையே படல.

---

பழைய_அங்கி | சனி, இரவு 9.40

ஒப்பாரியா நையாண்டியா என்பதில் அறிஞர்களும் ஒத்துப்போவதில்லை. நான் நையாண்டி என்றே கற்பித்து வந்தேன். அந்த உபதேசியார் பாடியதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அவரால் முடிந்தால் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள்.

---

டீச்சர்_மார்த்தாள் | ஞாயிறு, பிற்பகல் 2.20

இன்று சங்கத்தில் அந்த மூன்று வசனத்தையும் வாசித்தேன். முதலில் எல்லாருக்கும் தாய்மேல் பாவமாகத்தான் இருந்தது, ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வசனத்தில் அந்தத் தாய் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். கொள்ளையைப் பங்கிடுவதால்தான் பிந்துகிறார்கள், ஆளுக்கு இரண்டொரு பெண் கிடைத்திருக்கும் என்று. அந்த வரி வந்ததும் அதே பாட்டி, "வாசிப்பை நிறுத்து" என்றார். ஒப்பாரி மெட்டில் அந்த வரியை அந்த உபதேசியார் எப்படிப் பாடினார் என்று கேட்டுச் சொல்லுங்கள் ஐயா.